தகுதிகாண் பருவத்தில் பணி விடுவிப்புக் கடிதம்

தகுதிகாண் பருவத்தில் இருப்பவரின் வேலை தேறவில்லை என்றால், விசாரணை நடத்தாமலே அவரை விடுவிக்க நிர்வாகத்துக்கு உரிமை உண்டு. ஆனால் கடிதம் வேலையை விட்டு ஆளின் நடத்தையைக் குறைசொல்லத் தொடங்கினால், அது தண்டனையாகிவிடும். விசாரணையில்லாத தண்டனை நீதிமன்றத்தில் நிற்காது.

பணி திருப்தியாக இல்லை என்று மட்டும் எழுதுவது களங்கம் ஆகாது என 2001-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ‘பொய்க் கணக்கு எழுதினார்’ என்பது வேறு வகை. அதை நிரூபித்தாக வேண்டும். அலுவலகக் கடிதங்களில் வழக்கமாக வரும் ‘பார்வை’ வரியிலும் ஆபத்து உண்டு. கொல்கத்தாவின் சத்தியேந்திரநாத் போஸ் அறிவியல் மையம் தொடர்பான 1999 வழக்கில், விடுவிப்பு ஆணை முந்தைய கடிதங்களைச் சுட்டியது. அவற்றில் இருந்த குற்றச்சாட்டுகளையும் சேர்த்துப் படித்த உச்ச நீதிமன்றம் ஆணையை ரத்து செய்தது. இவை அரசு சார்ந்த அமைப்புகள் பற்றிய தீர்ப்புகள் என்றாலும், தனியார் நிறுவனங்களும் இதே எச்சரிக்கையோடு எழுதுவதே நல்லது.

திருப்பூர் ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் கணக்கு உதவியாளர் 2025 ஜனவரி 6 அன்று சேர்ந்ததாகக் கொள்வோம். தகுதிகாண் பருவம் ஆறு மாதம். அதற்குள் விடுவிக்க 15 நாள் முன்னறிவிப்பு என்று நியமனக் கடிதம் சொல்கிறது. பில் பதிவில் பிழைகள் தொடர்ந்ததால் ஏப்ரலிலும் மே மாதத்திலும் எழுத்தில் சுட்டிக்காட்டி, திருத்திக்கொள்ள அவகாசமும் தரப்பட்டது. ஜூன் 16 அன்று கடிதம் இப்படிப் போகலாம்:

“அன்புடையீர், 6.1.2025 முதல் தாங்கள் தகுதிகாண் பருவத்தில் பணியாற்றி வருகிறீர்கள். தங்கள் பணி இப்பொறுப்புக்குத் தேவையான தரத்தை எட்டவில்லை என்பதால், நியமனக் கடிதத்தின் நிபந்தனைப்படி 30.6.2025 மாலையுடன் தாங்கள் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறீர்கள். அதுவரையிலான சம்பளமும் விடுப்புத் தொகையும் இரண்டு வேலை நாள்களில் வழங்கப்படும். விடுவிப்புச் சான்று அன்றே தரப்படும். இதுவரை ஆற்றிய பணிக்கு நன்றி.”

பிழைகளின் பட்டியல் இதில் இல்லை; அது கோப்பில் இருந்தால் போதும். வழக்கு வந்தால் அந்த இரண்டு குறிப்புகள்தான் நிர்வாகத்தின் சாட்சி. எழுத்தில் எதுவுமே சொல்லாமல் கடைசி வாரத்தில் கடிதம் நீட்டுவது, உள்நோக்கம் உண்டோ என்ற சந்தேகத்தைக் கிளப்பும். இரண்டு நாள் கணக்கும் மரியாதைக்காகச் சேர்த்தது அல்ல. ஊதியச் சட்டம் விதிக்கும் கெடு.

தேதியிலும் கவனம் வேண்டும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆம் பிரிவுப்படி, தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்தவரை நியாயமான காரணமும், ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கு ஈடான சம்பளமும் இல்லாமல் அனுப்ப முடியாது. அந்தச் சட்டம் பொருந்தும் அலுவலகத்தில் ஜூலை இரண்டாம் வாரத்தில் இதே கடிதம் போனால், 15 நாள் போதாது. கர்ப்பிணி ஊழியரென்றால் சட்டம் தரும் மகப்பேறு காலப் பாதுகாப்பையும் முதலில் பார்த்துவிட வேண்டும்.

கடிதத்தைத் தனி அறையில் நேரில் கொடுத்து, நகலில் தேதியுடன் கையெழுத்து வாங்குவது வழக்கம். வாங்க மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்பலாம். ‘ராஜினாமா எழுதிக் கொடுங்கள்’ என்று வற்புறுத்துவது மட்டும் கூடாது. வற்புறுத்தி வாங்கிய ராஜினாமா பிறகு பணிநீக்க வழக்காகவே திரும்பி வரும்.