மொய் நோட்டில் ஏறாத கணக்கு

ஹோமம் முடிந்து, புது அடுப்பில் பால் பொங்கி, எல்லோர் கையிலும் ஒரு வாய்ப் பால் வந்துவிட்டது. மாடியில் முதல் பந்திக்கு இலை போடுகிறார்கள். ரேடியோ செட்காரர் வைத்துவிட்டுப் போன மைக் சும்மா கிடப்பதைப் பார்த்த ஒரு மருமகப்பிள்ளை அதை எடுத்து வீட்டுக்காரர் கையில் திணிக்கிறார். "மாமா, ரெண்டு வார்த்தை பேசுங்க." விடியற்காலை மூன்று மணியிலிருந்து நின்றுகொண்டிருக்கும் மாமா தொண்டையைச் செருமுகிறார். "எங்கள் அழைப்பை ஏற்று வருகை தந்த அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி." அதோடு பேச்சு தீர்ந்துபோகிறது.

தவறாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் அது யார் மனதிலும் ஒட்டாது. காரணம், உறவுக்குள் 'நன்றி' என்ற சொல்லுக்கு நம்மிடம் புழக்கம் குறைவு. சித்தப்பாவிடம் போய் "நன்றி" என்று சொன்னால், "எனக்கு எதுக்குடா நன்றி, நான் என்ன அசலா?" என்று கோபித்துக்கொள்வார். வாசலில் நின்று "வாங்க" என்பதும், "இருந்து சாப்பிட்டுத்தான் போகணும்" என்று கையைப் பிடிப்பதும், போகும்போது தாம்பூலப் பை கொடுப்பதும்தான் இதுவரை நம் நன்றி. மேடைச் சொல்லை வீட்டுக்குள் கொண்டுவந்தால் அது அந்நியமாகத்தான் ஒலிக்கும்.

அப்படியானால் அந்த மைக்கில் என்னதான் பேசுவது? வாசலுக்குப் பக்கத்தில் மேசை போட்டு எழுதிக்கொண்டிருக்கும் மொய் நோட்டைப் பார்த்தால் வழி தெரியும். பெயர், ஊர், தொகை என்று 501, 1001 ஆக அதில் வரிசையாக ஏறுகிறது. நாளை அவர்கள் வீட்டில் ஒரு விசேஷம் வந்தால் நோட்டைப் புரட்டிப் பார்த்து, அந்தத் தொகைக்குக் குறையாமல் திருப்பிச் செய்வோம். அந்தக் கணக்கு தானாகவே நேராகிவிடும். ஆனால் வீடு கட்டிய மாதங்களில் வந்து சேர்ந்த பல உதவிகளுக்கு அந்த நோட்டில் பத்தி இல்லை. அவற்றை எல்லோர் முன்னாலும் வாய்விட்டுச் சொல்வதற்குத்தான் இந்தப் பேச்சு.

மதுரைக்கு வெளியே, புதிதாக மனை பிரித்த ஒரு நகரில் முப்பதடி அகல மனையில் கட்டிய வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆவணி மாதம், விடியற்காலை முகூர்த்தம். வீட்டுக்காரர் முந்தின நாள் இரவு செய்ய வேண்டிய வேலை ஒன்றே. அஸ்திவாரம் தோண்டியது, நிலை வைத்தது, கான்கிரீட் போட்டது, பூசியது என்று வேலை நடந்த வரிசையில் நினைத்துப் பார்த்து, ஒவ்வொரு கட்டத்திலும் தன்னால் யாருக்கு இடைஞ்சல், யார் கை கொடுத்தார்கள் என்று ஒரு தாளில் குறிக்க வேண்டும்.

இப்படிக் குறிக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர்கள் முன்னால் வந்து நிற்பதைக் காணலாம். உறவினர் ஒரு நாள் வந்து போகிறவர்கள். மணல் லாரி இரவு பதினொரு மணிக்கு வந்து கொட்டியதையும், டைல்ஸ் அறுக்கும் மெஷின் மத்தியானத் தூக்கத்தைக் கெடுத்ததையும் மாதக்கணக்கில் பொறுத்துக்கொண்டவர்கள் அண்டை வீட்டார். கான்கிரீட் போட்ட பிறகு தளத்தில் பாத்தி கட்டி ஒரு வாரமாவது தண்ணீர் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் வெடிப்பு விடும். நம் வீட்டில் போர் போட்டு மோட்டார் இறங்காத நேரத்தில் அந்தத் தண்ணீர் யார் வீட்டுக் குழாயிலிருந்து வந்தது? அந்தப் பெயர்தான் பேச்சின் நடுவில் இருக்க வேண்டும்.

நம் வீட்டுக்காரர் பேசியது இப்படி அமையலாம்:

"எல்லாரும் வாங்க. பெரியவங்க உட்காருங்க. இலை போட்டாச்சு, ரெண்டே நிமிஷம்.

எங்க அப்பா வாடகை வீட்லயே இருந்து போயிட்டாரு. அவர் இடத்துல இன்னைக்கு எங்க பெரியப்பா நிக்கிறாரு. நிலை வைக்கிற அன்னைக்கு முட்டி வலியோட பஸ் ஏறி வந்து நவதானியம் போட்டது அவர்தான். மச்சான், பொறந்த வீட்டுச் சீரோட ராத்திரியே வந்து, தோரணம் கட்டுற வரைக்கும் கூட நின்னாரு.

பக்கத்து வீட்டு அண்ணனையும் மதினியையும் பத்திச் சொல்லணும். தளம் போட்டப்ப எங்க வீட்ல தண்ணி கிடையாது. பத்து நாள் அவங்க மோட்டார்லதான் எங்க தளம் நனைஞ்சது. கரண்டு பில்லுக்குப் பணம் கொடுத்தேன், மதினி வாங்கல. எதிர் வீட்டு ஐயா, நம்ம செங்கல் லோடு உங்க வாசலை அடைச்சு நின்னப்ப, வண்டியைத் தெருமுனையில விட்டுட்டு நடந்து வந்தீங்க. ஒரு வார்த்தை சொல்லல. எனக்குத் தெரியும்.

மேஸ்திரி, கொத்தனாரு, ஆசாரி, சித்தாளு அக்காமாரு எல்லாரும் வந்திருக்காங்க. இது நீங்க கட்டின வீடு. முதல் பந்தியில நீங்க உட்காரணும்.

இனி இந்த வீட்டுக் கதவு உங்களுக்கும்தான். யாரும் சாப்பிடாம கிளம்பிராதீங்க. வாங்க, மாடிக்குப் போவோம்."

இதில் 'நன்றி' ஒரு முறைகூட வரவில்லை என்பதைக் கவனியுங்கள். என்ன செய்தார்கள் என்று குறிப்பாகச் சொன்னதுமே அந்த வேலை முடிந்துவிட்டது. "மதினி வாங்கல" என்ற இரண்டு சொல்லைக் கேட்டு மொத்தக் கூட்டமும் அந்த அம்மாவைத் திரும்பிப் பார்க்கும். அந்தப் பார்வைதான் அவருக்குச் செய்யும் மரியாதை.

வரிசையிலும் ஒரு கணக்கு இருக்கிறது. பெரியவர் முதலில், அடுத்து மனைவியின் பிறந்த வீடு. தன் பக்கத்து உறவை மட்டும் சொல்லிவிட்டு மச்சானை விட்டால், அன்று இரவே வீட்டுக்குள் அது பேச்சாகும். அதே சமயம், எல்லாப் பெயரையும் பட்டியல் போடுவதும் ஆபத்து. இருபது பேரைச் சொன்னால், விடுபட்ட இருபத்தோராவது ஆள் அதை மறக்கமாட்டார். நாலைந்து பேரை அவர்கள் செய்த செயலோடு சொன்னால் அது பட்டியலாகக் கேட்காது. சொல்லாதவர்களுக்கும் மனத்தாங்கல் வராது.

சொல்லக்கூடாதவை மூன்று. வீட்டுக்கு ஆன செலவும் பேங்க் லோனும் முதலாவது. கூட்டத்தில் இன்னும் வாடகை வீட்டில் இருப்பவர்கள் உண்டு. இரண்டாவது, யார் எவ்வளவு மொய் எழுதினார், என்ன சீர் வந்தது என்பது. சீர் வந்ததைச் சொல்லலாம், அதன் மதிப்பைச் சொல்லக்கூடாது. மூன்றாவது, வேலை இழுத்தடித்தது, மரம் சரியில்லாமல் போனது போன்ற குறைகள். வேலைக்காரர்கள் புது வேட்டி துண்டோடு எதிரில் நிற்கும்போது அது குத்தலாகவே விழும்.

நேரத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பால் கொடுத்து முடித்ததற்கும் முதல் பந்திக்கும் இடைப்பட்ட சில நிமிடங்களே சரியான இடம். இரண்டாம் பந்தி முடியட்டும் என்று தள்ளிப்போட்டால், வேலைக்குப் போகவேண்டிய பக்கத்து வீட்டுக்காரர் இட்லியும் கேசரியும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியிருப்பார். யாருக்காகப் பேசுகிறோமோ அவர் இல்லாமல் பேசுவதில் பொருள் இல்லை. பேச்சு நீண்டுவிட்டதா என்பதைக் கடிகாரம் பார்த்து அறிய வேண்டியதில்லை. பந்தி பரிமாறுகிறவர் மாடிப்படியில் வந்து நின்று எட்டிப் பார்த்தால், பொங்கல் ஆறுகிறது என்று பொருள்.

கடைசி வரி சாப்பாட்டு அழைப்பாக இருப்பதும் காரணத்தோடுதான். சொல்லி முடித்ததும் மைக்கை வைத்துவிட்டு, வீட்டுக்காரர் நேராக அந்த மதினியிடம் போய், "வாங்க, முதல் இலையில உட்காருங்க" என்று மாடிக்கு அழைத்துப்போக வேண்டும். பத்து நாள் தண்ணீர் ஊற வைத்த அந்தத் தளத்தின் மேல்தான் அவருக்கு இலை போட்டிருக்கிறது.