சித்திரையில் சில்லென்று அடித்த ஏர்கூலர், மழைக்காலத்தில் புழுங்குவது ஏன்?

‘ஏப்ரல் மாதம் வாங்கியபோது அறையே சில்லென்று இருந்தது. மழை ஆரம்பித்ததும் உடம்பெல்லாம் பிசுபிசுக்கிறது. மெஷினில் கோளாறா?’ கோவை, உக்கடம் வட்டாரத்தில் ஏர்கூலர் வைத்திருக்கும் பலருக்கும் வரும் சந்தேகம் இது. பெரும்பாலும் மெஷினில் கோளாறு இருக்காது. மாறியது காற்றுதான்.

மண்பானைக் கணக்கு

ஏ.சி. மெஷினில் கம்ப்ரஸரும் கேஸும் உண்டு. ஏர்கூலரில் அவை கிடையாது. ஒரு தொட்டி, சின்ன பம்பு, நனைந்த பேட், ஒரு ஃபேன், அவ்வளவுதான். மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ, அப்படித்தான் இதுவும் வேலை செய்கிறது.

தண்ணீர் ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும். அடுப்பில் வைத்த தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும். அது முழுக்க வற்றுவதற்கு அதைப்போல ஏழு மடங்குக்கும் மேல் வெப்பம் வேண்டும். கூலரில் அடுப்பு இல்லாததால், நனைந்த பேட் வழியாகப் போகும் காற்றிலிருந்தே தண்ணீர் அந்த வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. வெப்பத்தைக் கொடுத்த காற்று குளிர்ந்து வெளியே வருகிறது.

ஆக, எவ்வளவு தண்ணீர் ஆவியாகிறதோ அவ்வளவுதான் குளிர்ச்சி. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால், மழை நாளில் கொடியில் போட்ட துணி காயாததைப்போல, பேடில் உள்ள தண்ணீரும் ஆவியாகாது.

எவ்வளவு குறையும்?

இதை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். சுவரில் மாட்டும் சாதாரண தெர்மாமீட்டர் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் அடிக் குமிழில் நனைத்த பருத்தித் துணியைச் சுற்றுங்கள். இரண்டையும் நிழலில், ஃபேன் காற்றில் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். ஈரத் துணி சுற்றியது குறைவாகக் காட்டும். அந்த வித்தியாசம்தான் கூலரின் எல்லை. நல்ல பேட் உள்ள வீட்டுக் கூலர், அந்த வித்தியாசத்தில் சுமார் 70 சதவிகிதம் வரை வெப்பத்தைக் குறைக்கும்.

ஏப்ரல் மாத மதியம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெப்பம் 37 டிகிரி, காற்றின் ஈரப்பதம் 25 சதவிகிதம். ஈரத் துணி தெர்மாமீட்டர் சுமார் 22 காட்டும். வித்தியாசம் 15 டிகிரி. அதில் 70 சதவிகிதம் என்றால் பத்தரை டிகிரி. கூலரிலிருந்து 26, 27 டிகிரிக் காற்று வரும்.

அடுத்து, மழை வரப்போகும் ஒரு புழுக்கமான நாள். வெப்பம் 32 டிகிரிதான். ஆனால், ஈரப்பதம் 75 சதவிகிதம். ஈரத் துணி 28 காட்டும். வித்தியாசம் 4 டிகிரி. கூலர் குறைப்பது 3 டிகிரிகூட இருக்காது. வெளியே வரும் காற்றின் ஈரப்பதமோ 90 சதவிகிதத்தைத் தொடும். அந்தக் காற்றில் நம் வியர்வையும் ஆவியாகாது. பிசுபிசுப்புக்குக் காரணம் இதுதான்.

கோடை மதியங்களில் கோவைக் காற்று வறண்டிருக்கும். ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியதும், பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று உள்ளே வருகிறது. கடலோரத்தில் இருக்கும் சென்னையில் கோடையிலும் புழுக்கம் உண்டு. அதனால், கோவையில் நன்றாக வேலை செய்யும் கூலர் அங்கே அந்த அளவுக்குக் குளிர்ச்சி தராது.

கோழிக் கொட்டகையில் கவனம்

வீட்டில் இது வெறும் அசௌகரியம். கோழிப்பண்ணையில் உயிர்ச்சேதம். பல்லடம் வட்டாரத்தைப் போல கறிக்கோழி வளர்க்கும் இடங்களில், ஒரு முனையில் கூலிங் பேட், மறுமுனையில் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்த மூடிய கொட்டகைகள் உண்டு. கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து இரைத்து, தொண்டை ஈரத்தை ஆவியாக்கித்தான் உடல் சூட்டைத் தணிக்கும். புழுக்கமான நேரத்தில் பேடில் தண்ணீர் விட்டால், வெப்பம் இரண்டு மூன்று டிகிரி குறையலாம். ஆனால், ஈரம் ஏறி, கோழி இரைத்தும் பலனில்லாமல் போகும். தரையில் போட்ட தேங்காய்நார்க் கழிவோ உமியோ நசநசத்து, அமோனியா நெடி கிளம்பும். அந்த நேரத்தில் தண்ணீரை நிறுத்திவிட்டு, ஃபேன்களைக் கூடுதலாக ஓட்டி, காற்று வேகத்தால் சூட்டைத் தணிப்பதே சரி.

என்ன செய்யலாம்?

தெர்மாமீட்டர் வித்தியாசம் 5 டிகிரிக்குக் கீழே போனால், வீட்டிலும் பம்பை நிறுத்தி ஃபேனை மட்டும் ஓட்டுங்கள். கூலரை ஜன்னலோரம் வைத்து வெளிக்காற்றை இழுக்க விடுங்கள். எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்து வையுங்கள். மூடிய அறையில், கூலர் தான் விட்ட ஈரக்காற்றையே திரும்ப இழுக்கும். சித்திரை மாதத்திலேயே அறை புழுங்கிவிடும்.

தொட்டியில் ஐஸ் போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது எடுக்கும் வெப்பம், ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது எடுப்பதில் ஏழில் ஒரு பங்குதான். ஐஸ் உருகித் தீர்ந்ததும் பழைய கதைதான்.

வித்தியாசம் 10 டிகிரிக்கு மேல் இருந்தும் காற்று குளிரவில்லையா? அப்போதுதான் மெஷினைச் சந்தேகப்பட வேண்டும். பேடைத் தொட்டுப் பாருங்கள். சில இடங்கள் காய்ந்திருந்தால் தண்ணீர் குழாயின் துளைகள் அடைத்திருக்கும். வெள்ளையாக உப்புப் படிந்து பேட் இறுகியிருந்தால், அதை மாற்றும் காலம் வந்துவிட்டது.