இரண்டாவது இன்வெர்ட்டரை இணைக்கும் முன்

மின்கம்பம் எட்டாத ஒரு தோட்ட வீட்டை எடுத்துக்கொள்வோம். 48 வோல்ட் பேட்டரியும் 5 கிலோவாட் சோலார் இன்வெர்ட்டரும் இருக்கின்றன. விளக்கு, ஃபேன், ஃப்ரிட்ஜ், 1 எச்.பி. தண்ணீர் மோட்டார் எல்லாம் சிக்கலில்லாமல் ஓடின. பிறகு கிரைண்டர் வந்தது, ஏசி வந்தது. இப்போது இவை இரண்டும் ஓடும்போது மோட்டாரைப் போட்டால் ஓவர்லோடு என்று இன்வெர்ட்டர் நின்றுவிடுகிறது. ஓடும்போது இழுக்கும் கரண்டைப் போல ஐந்தாறு மடங்கை மோட்டார் கிளம்பும் நொடியில் இழுக்கும். இன்னொரு 5 கிலோவாட் இன்வெர்ட்டரை வாங்கிப் பக்கத்தில் மாட்டிவிட்டால் போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. வீட்டுக்கு வரும் 230 வோல்ட் ஒரே நிலையில் நிற்பதில்லை. அலைபோல 325 வோல்ட் வரை ஏறி, அதே அளவு எதிர்ப்பக்கம் இறங்குகிறது. ஓர் அலைக்கு 20 மில்லி நொடி. நொடிக்கு 50 அலை. இரண்டு இன்வெர்ட்டர்களின் அலைகளும் ஒரே கணத்தில் ஏறி இறங்க வேண்டும். ஒன்று வெறும் 1 மில்லி நொடி பிந்தினாலே இரண்டுக்கும் நடுவே சில கணங்களில் 100 வோல்ட் வரை வித்தியாசம் வந்துவிடும். நடுவே இருப்பதோ சில அடி ஒயர்தான். அதனால் கரண்ட் வீட்டுக்குப் போகாமல் ஓர் இன்வெர்ட்டரிலிருந்து மற்றதற்குள் பாய்ந்து, உள்ளே இருக்கும் பவர் டிரான்சிஸ்டர்களை எரித்துவிடும்.

மின்வாரிய லைன் இருந்தால் இன்வெர்ட்டர்கள் அதன் தாளத்தைப் பின்பற்றும். இங்கே அது இல்லை. எனவே ஒன்று தலைமை ஏற்று அலையின் நேரத்தைச் சொல்ல, மற்றது அதைப் பின்தொடர வேண்டும். இந்தப் பேச்சு இரண்டுக்கும் இடையே ஓடும் தகவல் கேபிள் வழியாக நடக்கிறது. பாரலல் வசதி இல்லாத மாடலில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அவற்றின் அவுட்புட்டுகளை ஒருபோதும் ஒன்றாகக் கட்டக் கூடாது.

பரவலாகப் புழங்கும் ஆக்ஸ்பெர்ட் வகையில் பாரலல் வசதியுள்ள மாடல்களுக்கு இரண்டு கேபிள்கள் தேவை. ஒன்று தகவலுக்கு, மற்றது சுமையைச் சமமாகப் பகிர்வதற்கு. அதன்பின் இரண்டிலும் 28-ஆம் அமைப்பை `SIG` என்பதிலிருந்து `PAL` என்று மாற்ற வேண்டும்.

நம் தோட்ட வீட்டில் இதையெல்லாம் செய்த பிறகும் திரையில் `71` வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மாடல் ஒன்றுதான், ஆனால் உள்ளிருக்கும் ஃபர்ம்வேர் பதிப்பு வேறு என்று பொருள். பழையதற்கும் புதியதற்கும் சில ஆண்டு இடைவெளி இருந்தால் இது சாதாரணமாக வரும் கோளாறு. இரண்டையும் ஒரே பதிப்புக்குக் கொண்டுவந்தால்தான் தீரும். `80` அல்லது `82` வந்தால் முதலில் தகவல் கேபிளைப் பாருங்கள்; ஒன்றையொன்று கேட்க முடியாமல் தாளம் தவறிவிட்டது.

அது சரியானதும், இரவில் சுமை கூடும்போது மட்டும் `83` வருகிறது. இரண்டு இன்வெர்ட்டர்களும் பார்க்கும் பேட்டரி வோல்டேஜ் வேறுபடுகிறது என்று அர்த்தம். ஒரே பேட்டரியில் இது எப்படி என்று வியக்க வேண்டாம். மல்டிமீட்டரை எடுத்து, சுமை ஓடும்போதே பேட்டரி முனையிலும் இரண்டு இன்வெர்ட்டர்களின் முனையிலும் அளக்க வேண்டும். பேட்டரியில் 50.2, பழையதில் 50.0, புதியதில் 49.2 என்று காட்டினால் புதியதன் கேபிளில்தான் கோளாறு. பெரும்பாலும் சரியாக முறுக்கப்படாத லக், அல்லது மற்றதைவிட நீளமான கேபிள். இரண்டு இன்வெர்ட்டர்களுக்கும் ஒரே தடிமன், ஒரே நீளக் கேபிள் வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

பேட்டரியும் கணக்கில் சேர வேண்டும். 10 கிலோவாட் எடுக்க 48 வோல்ட்டில் இழப்பையும் சேர்த்து ஏறத்தாழ 230 ஆம்பியர் வேண்டும். 100 ஆம்பியர் வரை மட்டுமே விடும் லித்தியம் பேட்டரி ஒன்றுதான் இருந்தால், இன்வெர்ட்டர் இரண்டானாலும் அது பாதியில் தன்னைத்தானே துண்டித்துக்கொள்ளும்.

கடைசியாக ஒரு சோதனை. ஒவ்வொரு இன்வெர்ட்டரின் லைனிலும் தனி பிரேக்கர் வைத்து, நியூட்ரல் ஒன்றாக இருக்க, பிரேக்கர்களை மூடாமல் இரண்டையும் இயக்குங்கள். இரண்டு லைன்களுக்கும் இடையே எலக்ட்ரீஷியன் அளக்கும்போது கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டினால் மட்டுமே பிரேக்கரை மூடலாம்.

பழைய மாடல் இப்போது கிடைக்கவில்லை என்றால் வேறொன்றை அதனுடன் பாரலலாக இணைக்க முயலாதீர்கள். மோட்டாரையும் ஏசியையும் தனி ஒயரிங்கில், தனி நியூட்ரலுடன் புது இன்வெர்ட்டருக்கு மாற்றிவிடுங்கள். இரண்டு அவுட்புட்டுகளும் எங்கும் தொடாதவரை தாளம் தவறும் ஆபத்தே இல்லை.