ஏஐ வீடியோவில் பாட்டியின் சேலை ஏன் நிறம் மாறுகிறது?

ஒவ்வொரு கிளிப்பையும் ஏஐ தாறுமாறான புள்ளிகளிலிருந்து புதிதாக உருவாக்குகிறது. நாம் கொடுத்தாலொழிய முந்தைய கிளிப் அதற்குத் தெரியாது. 'பாட்டி கதவைத் திறக்கிறார்' என்று மட்டும் எழுதினால், அடுத்த ஷாட்டில் வேறொரு பாட்டி வந்து நிற்பார்.

ஆகவே ஷாட் பட்டியலில் 'அரக்குச் சேலை, நரைத்த கொண்டை, இடப்பக்க ஜன்னல் வெளிச்சம்' என்ற வரியை எல்லா ஷாட்டுக்கும் எழுத்து மாறாமல் எழுதுங்கள். அசைவு தொடர வேண்டிய இடத்தில், முதல் கிளிப்பின் கடைசி ஃபிரேமை அடுத்ததற்குத் தொடக்கப் படமாகக் கொடுங்கள்.

இப்படியே நீட்டிக்கொண்டு போனால் சிறு பிழைகள் சேர்ந்து, தோல் சுருக்கங்கள் மழுங்கி, முகம் மெழுகுபோல் ஆகிவிடும். அதற்குள் கோணத்தை மாற்றி, பாட்டியின் மூலப் படத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள். கோணம் மாறும் இடத்தில் சின்ன வித்தியாசம் எளிதில் கண்ணில் படாது.

பட்டியலில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் எதிரே 'தொடக்கப் படம் எது?' என்றொரு கட்டம் போட்டுவிடுங்கள்.