சீட் காத்திருக்கும், விசா காத்திருக்குமா?

அமெரிக்க அதிபராக இருந்த ஒபாமாவின் மூத்த மகள் மாலியாவுக்கு 2016-இல் ஹார்வர்டில் இடம் கிடைத்தது. அவர் உடனே போய்ச் சேரவில்லை. ஓராண்டு கழித்து, 2017-இல்தான் வகுப்பில் போய் உட்கார்ந்தார். அதிபர் வீட்டுப் பிள்ளை என்பதற்காகக் காட்டிய சலுகை இல்லை அது. இளங்கலையில் சேரும் எவரும் விரும்பினால் ஒரு வருடம் கழித்து வரலாம் என்று அந்தப் பல்கலைக்கழகம் பல பத்தாண்டுகளாகச் சேர்க்கைக் கடிதத்திலேயே எழுதி அனுப்பி வருகிறது. கொரோனா பரவிய 2020-இல், முதலாண்டில் சேர வேண்டியவர்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலானோர் அந்த வழியில் போனார்கள்.

இதைக் கேள்விப்பட்டு, எல்லாப் பல்கலைக்கழகங்களும் இப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடாது. ஆக்ஸ்போர்டில் முதுகலை இடத்தைத் தள்ளிப்போடக் கேட்டால், முன்கூட்டியே தெரிந்திருக்க முடியாத, அரிதான காரணம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். உடல்நலம் கெட்டது, குடும்பத்தில் எதிர்பாராத நெருக்கடி என்பவை எடுபடும். ‘இன்னும் ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டு வருகிறேன்’ என்பது பெரும்பாலும் எடுபடாது. பிரிட்டனில் இளங்கலைக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு வேறு வழி உண்டு. பொது விண்ணப்ப அமைப்பான யூகாஸில் விண்ணப்பிக்கும்போதே அடுத்த ஆண்டுச் சேர்க்கை வேண்டும் என்று குறிப்பிட்டுவிடலாம். சிங்கப்பூரிலோ இது அன்றாட நடைமுறை. கட்டாய ராணுவச் சேவைக்குப் போகும் இளைஞர்களுக்காக உள்ளூர்ப் பல்கலைக்கழகங்கள் இடத்தை ஒதுக்கி வைத்துக் காத்திருக்கின்றன. அங்கே வளரும் தமிழ்ப் பையன்களும் அப்படித்தான் படிக்கப் போகிறார்கள்.

அனுமதி தரும் இடங்களிலும் ஒரு நிபந்தனையைப் பரவலாகப் பார்க்கலாம்: அந்த இடைப்பட்ட ஆண்டில் வேறொரு கல்லூரியில் பட்டப்படிப்பில் சேரக் கூடாது. சேர்ந்தால், காத்திருந்த இடம் கைவிட்டுப் போகும்.

சரி, பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது என்றே வைத்துக்கொள்வோம். அதன் கையில் இருப்பது இடம் மட்டும்தான். உதவித்தொகை தருபவர் வேறு, விசா தருபவர் வேறு. இடம் ஓராண்டு நகர்ந்தால் மற்ற இரண்டும் தானாகக் கூடவே நகர்ந்துவிடும் என்று நம்புவதில்தான் பலரும் பணத்தை இழக்கிறார்கள்.

பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகை அறிவிக்கப்பட்ட கல்வியாண்டுக்கு மட்டுமே உரியது. அந்த ஆண்டில் படிப்பைத் தொடங்க முடியாவிட்டால் அது போனதுதான். அடுத்த ஆண்டு முதல் படியிலிருந்து விண்ணப்பித்து, மறுபடி நேர்காணலுக்குப் போக வேண்டும். ஒருமுறை தேர்வானவர் என்பதால் இரண்டாம் முறையும் கிடைக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சிக்கல் வேறு மாதிரி. குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவியை அடுத்த ஆண்டுக் கணக்கை வைத்து மறுபடி முடிவு செய்வார்கள். முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களுக்குக் கிடைக்கும் ஆசிரியர் உதவியாளர், ஆய்வு உதவியாளர் பணிகள் துறையின் அந்த ஆண்டு நிதியையும் பேராசிரியரின் ஆய்வுப் பணத்தையும் சார்ந்தவை. ‘உங்கள் இடம் 2026-க்கு மாற்றப்பட்டது’ என்று வரும் மின்னஞ்சலில் பணத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லையென்றால், அது இன்னும் முடிவாகவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். உதவித்தொகைப் பிரிவுக்குத் தனியாக எழுதி, பதிலை எழுத்தில் வாங்கி வைப்பதே சரி.

விசாவில் அமெரிக்கா ஓரளவு நெகிழ்வானது. அங்கே பல்கலைக்கழகம் ஐ-20 என்ற படிவத்தைத் தருகிறது. அதில் மாணவருக்கென ஒரு செவிஸ் எண் இருக்கும். மாணவர் இன்னும் நாட்டுக்குள் போகாத நிலையில், பல்கலைக்கழக அலுவலர் அதே எண்ணின் கீழ் தொடக்கத் தேதியை மட்டும் மாற்றிப் புது ஐ-20 தர முடியும். எண் மாறாவிட்டால், செலுத்திய 350 டாலர் செவிஸ் கட்டணம் வீணாகாது. பழைய பதிவை மூடிவிட்டுப் புது எண்ணில் தொடங்கினால்தான் தலைவலி. அப்போது விசாவில் அச்சிட்ட எண்ணும் ஐ-20-இல் உள்ள எண்ணும் ஒத்துப்போகாது. அதனால் தள்ளிப்போடக் கேட்கும்போதே ‘பழைய எண்ணே தொடருமா?’ என்று கேட்பது நல்லது. வங்கி இருப்புக்கான ஆதாரத்தைப் புது ஆண்டுச் செலவுக்கு ஏற்ப மறுபடி காட்டவேண்டி வரலாம்.

பிரிட்டனில் இந்த நெகிழ்வு இல்லை. திருச்சியில் படித்த ஒரு மாணவிக்கு, லண்டனுக்கு வெளியே உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் 2025 செப்டம்பரில் தொடங்கும் ஓராண்டு முதுகலையில் இடம் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். ஆகஸ்ட்டில் வீட்டில் ஒரு சிக்கல், போக முடியவில்லை. இங்கே கேட்க வேண்டிய கேள்வி, விசா கையில் வந்துவிட்டதா என்பதே.

வரவில்லை, விண்ணப்பமே போடவில்லை என்றால் இழப்பு குறைவு. விசாவுக்கு அடிப்படையான காஸ் என்ற சேர்க்கை உறுதி எண் ஆறு மாதம்தான் செல்லும். ஒருமுறைதான் பயன்படும். பல்கலைக்கழகம் அதை ரத்து செய்துவிட்டு அடுத்த ஆண்டு வேறொன்று தரும். காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழுக்கும் ஆறு மாத ஆயுள்தான், அதையும் திரும்ப எடுக்க வேண்டும். வங்கியில் 28 நாள் தொடர்ந்து வைத்துக்காட்ட வேண்டிய தொகையும் மாறுகிறது. லண்டனுக்கு வெளியே மாதம் 1,136 பவுண்டாக இருந்த வாழ்க்கைச் செலவுக் கணக்கு 2025 நவம்பரில் 1,171 ஆனது. ஒன்பது மாதத்துக்குக் கூடுதலாக 315 பவுண்டு. இதை எப்படியாவது சமாளித்துவிடலாம். கல்லூரிக் கட்டணம் புது ஆண்டு விகிதத்துக்கு ஏறினால் அந்தச் சுமை இதைவிடப் பெரிது. கல்விக் கடன் அனுமதிக் கடிதத்தையும் அதற்கேற்ப வங்கியில் மாற்றி வாங்க வேண்டும்.

விசா வந்த பிறகு போகாமல் நின்றால் நிலைமை வேறு. ஓராண்டுப் படிப்பானாலும் விசா ஓராண்டைத் தாண்டி நீள்வதால், சுகாதார மேல்கட்டணத்தை ஒன்றரை ஆண்டுக்குக் கட்டியிருப்பார். ஆண்டுக்கு 776 பவுண்டு என்றால் மொத்தம் 1,164 பவுண்டு. விண்ணப்பத்தை முடிவுக்கு முன்பே திரும்பப் பெற்றால் இது திரும்பக் கிடைக்கும். விசா கிடைத்தும் பிரிட்டனுக்குப் போகவில்லை என்றால் கிடைக்காது. 2025-இல் 524 பவுண்டாக இருந்த விசா கட்டணமும் அதோடு போகிறது. மாணவி வந்து சேரவில்லை என்று பல்கலைக்கழகம் உள்துறைக்குத் தெரிவித்ததும் அந்த விசா ரத்தாகும். அடுத்த ஆண்டு எல்லாக் கட்டணத்தையும் முதலிலிருந்து கட்ட வேண்டும்.

இதையெல்லாம் கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள்கூட படிப்பு முடிந்த பிறகு வருவதைக் கவனிப்பதில்லை. பட்டம் பெற்ற பின் பிரிட்டனில் தங்கி வேலை பார்க்க உதவும் கிராஜுவேட் விசா, முனைவர் பட்டம் அல்லாதவர்களுக்கு இரண்டு ஆண்டு. ஆனால் 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதமாகக் குறைகிறது. எந்த ஆண்டில் படிப்பைத் தொடங்கினார் என்பதைப் பார்க்க மாட்டார்கள். விண்ணப்பித்த தேதிதான் கணக்கு. திருச்சி மாணவி 2025-இலேயே போயிருந்தால் 2026 செப்டம்பரில் படிப்பு முடிந்திருக்கும். பட்டம் முடித்ததைப் பல்கலைக்கழகம் உள்துறைக்குத் தெரிவித்த பிறகே விண்ணப்பிக்க முடியும் என்பதால் அவகாசம் குறைவுதான். இருந்தாலும் டிசம்பர் 31-க்குள் விண்ணப்பித்து இரண்டு ஆண்டு வாங்கியிருக்கலாம். 2026-இல் தொடங்கினால் படிப்பு முடிவதே 2027-இல். தள்ளிப்போடும் கடிதத்தை எவ்வளவு நல்ல காரணத்தோடு எழுதினாலும் அவருக்குக் கிடைப்பது 18 மாதம்தான்.