ஆசிட் சொல்லும் கணக்கு

வாஷி ஏ.பி.எம்.சி. சந்தைக்கு வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஏற்றிவரும் லாரிகள் சரக்கை இறக்கத் தங்கள் முறை வரும்வரை காத்து நிற்கும். எஞ்சின் அணைந்திருக்கும், கேபினுக்குள் விளக்கும் விசிறியும் ஓடிக்கொண்டிருக்கும். விடிந்ததும் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் முனகிவிட்டு நின்றுபோவது அங்கே புதிதல்ல. பேட்டரி மெக்கானிக் வந்து மூடியைத் திறப்பார். ரப்பர் குமிழ் வைத்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ஆசிட்டை உறிஞ்சி, உள்ளே மிதக்கும் ஹைட்ரோமீட்டரைப் பார்த்து, "கிராவிட்டி இறங்கிடுச்சு" என்பார். அவர் படிப்பது ஒரு வேதிச்சமன்பாட்டைத்தான்.

பேட்டரியின் ஒவ்வொரு அறையிலும் மூன்று பொருள்கள் உண்டு. மைனஸ் பக்கத்துத் தகட்டில் பஞ்சுபோல் நுண்துளைகள் கொண்ட ஈயம் (Pb). பிளஸ் பக்கத்துத் தகட்டில் பழுப்பு நிற ஈய டை ஆக்சைடு (PbO₂). இரண்டையும் மூழ்கடித்து நிற்பது நீர் கலந்த கந்தக அமிலம். மின்சாரம் எடுக்கும்போது மைனஸ் தகட்டில் நடப்பது ஆக்சிஜனேற்றம். ஈயம் இரண்டு எலக்ட்ரான்களை வெளிக் கம்பிக்குக் கொடுத்துவிட்டு, அமிலத்திலுள்ள சல்பேட்டோடு சேர்ந்து அங்கேயே படிகிறது:

Pb + SO₄²⁻ → PbSO₄ + 2e⁻

அந்த எலக்ட்ரான்கள் ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுற்றிவிட்டுப் பிளஸ் தகட்டை அடைகின்றன. அங்கே ஒடுக்கம் நடக்கிறது:

PbO₂ + SO₄²⁻ + 4H⁺ + 2e⁻ → PbSO₄ + 2H₂O

இரண்டையும் கூட்டினால் எலக்ட்ரான்கள் அடிபட்டுப்போய் மொத்தச் சமன்பாடு கிடைக்கும்:

Pb + PbO₂ + 2H₂SO₄ → 2PbSO₄ + 2H₂O

இரு தகடுகளும் கடைசியில் ஒரே பொருளாக, ஈய சல்பேட்டாக, மாறிவிடுவது ஒரு வியப்பு. ஆனால் மெக்கானிக்குக் கைகொடுப்பது வேறொன்று. இடப்பக்கம் அமிலம் இருக்கிறது. வலப்பக்கம் அது இல்லை, அதற்குப் பதில் நீர் இருக்கிறது. மின்சாரம் போகப்போக ஆசிட் தகடுகளுக்குள் ஒடுங்குகிறது, மிஞ்சிய கரைசல் நீர்த்துப்போகிறது.

எவ்வளவு நீர்க்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் பாதியை, அதாவது 50 ஆம்பியர்-மணியைச் செலவழித்துவிட்டதாகக் கொள்வோம். ஆறு அறைகளும் தொடரிணைப்பில் இருப்பதால் அத்தனை மின்னூட்டமும் ஒவ்வொரு அறையின் வழியாகவும் போயிருக்கும். ஓர் அறையில் கரைந்த ஈயம் சுமார் 193 கிராம். டை ஆக்சைடு 223 கிராம். தீர்ந்த அமிலம் 183 கிராம். புதிதாக வந்த நீர் 34 கிராம். அறையில் ஒரு லிட்டர் கரைசல் இருந்ததென்றால், முழுச் சார்ஜில் அதன் ஒப்படர்த்தி 1.28, அதில் ஏறக்குறைய 475 கிராம் அமிலம். இப்போது 290 கிராம்தான் பாக்கி. ஒப்படர்த்தி 1.19 அளவுக்கு இறங்கிவிடும். கண்ணாடிக் குழாயில் 1280 என்று நின்ற மிதவை 1190-க்கு அமிழ்வது இதனால்தான்.

கிராவிட்டி இறங்கியதைக் கண்டு சிலர் ஆசிட் ஊற்றச் சொல்வார்கள். இதைவிடக் கெட்ட வைத்தியம் இல்லை. ஆசிட் எங்கும் ஓடிப்போகவில்லை. சல்பேட்டாகத் தகட்டில் உட்கார்ந்திருக்கிறது. சார்ஜ் ஏற்றினால் சமன்பாடு திரும்பி ஓடி, அது கரைசலுக்கே வந்து சேரும். நாள்படக் குறைவது நீர்தான். சார்ஜின் கடைசிக் கட்டத்தில் நீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து வெளியேறுகிறது. அதனால்தான் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுகிறோம்.

சமன்பாடு திரும்பி ஓட ஒரு நிபந்தனை உண்டு. புதிதாகப் படிந்த ஈய சல்பேட் மிக நுண்ணிய துகள். வண்டியை டிஸ்சார்ஜ் ஆன நிலையிலேயே வாரக்கணக்கில் போட்டுவைத்தால் துகள்கள் சேர்ந்து பெரிய படிகங்களாகும். அவை மின்சாரத்தைக் கடத்தா, எளிதில் கரையவும் செய்யா. நாள் முழுக்கச் சார்ஜ் போட்டும் கிராவிட்டி 1200-ஐத் தாண்டவில்லையென்றால் இந்த சல்பேஷனைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஆறில் ஓர் அறை மட்டும் மற்றவற்றைவிட வெகுவாகக் குறைத்துக் காட்டினால் கோளாறு அந்த அறைக்குள் இருக்கிறது; பெரும்பாலும் உதிர்ந்த பொருள் அடியில் சேர்ந்து தகடுகளைத் தொடவைத்திருக்கும்.

இதே ஹைட்ரோமீட்டர் செல்லாக்காசாகிவிடும் லாரி ஒன்று உண்டு. 2025 மார்ச்சில் டாடா மோட்டார்ஸ் 16 ஹைட்ரஜன் லாரிகளைச் சோதனை ஓட்டத்துக்கு விட்டது. மும்பை, புணே பகுதி வழித்தடங்களும் அதில் அடக்கம். அவற்றில் சில ஹைட்ரஜனை எஞ்சினில் எரிப்பவை. மற்றவை எரிபொருள் மின்கலத்தால் ஓடுபவை. நம் பேச்சு இவற்றைப் பற்றியது.

எரிபொருள் மின்கலத்திலும் இரண்டு முனைகள்தான், நடுவே அமிலம்தான். ஆனால் அந்த அமிலம் திரவமல்ல; அமிலத் தொகுதிகள் பிணைந்த மெல்லிய பிளாஸ்டிக் படலம். அதன் இருபுறமும் பிளாட்டினத் துகள்கள் ஒட்டிய கார்பன் பூச்சு. மைனஸ் பக்கம் ஹைட்ரஜன் வந்து எலக்ட்ரான்களைக் கழற்றிக் கொடுக்கிறது:

2H₂ → 4H⁺ + 4e⁻

எலக்ட்ரான்கள் மோட்டார் வழியே சுற்றிப் போக, H⁺ அயனிகள் படலத்தின் ஊடாக மறுபக்கம் கடக்கின்றன. அங்கே காற்றிலுள்ள ஆக்சிஜன் காத்திருக்கிறது:

O₂ + 4H⁺ + 4e⁻ → 2H₂O

மொத்தத்தில்:

2H₂ + O₂ → 2H₂O

மைனஸ் பக்கம் பிறந்த H⁺ அத்தனையும் பிளஸ் பக்கம் தீர்ந்துவிடுகிறது. மொத்தச் சமன்பாட்டில் அமிலத்தின் பெயரே இல்லை. முனைகளும் கரைவதில்லை, பிளாட்டினம் வினையை விரைவுபடுத்துகிறதே தவிர வேறொன்றாக மாறுவதில்லை. எவ்வளவு நேரம் ஓடும் என்பதை மின்கலத்துக்குள் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஹைட்ரஜன் சிலிண்டரின் அழுத்தமானியைத்தான் பார்க்க வேண்டும். தீர்ந்துபோனால் சார்ஜ் போடுவதும் கிடையாது, மறுபடி வாயுவை நிரப்ப வேண்டியதுதான்.

அதே 50 ஆம்பியர்-மணிக் கணக்கை இங்கே போட்டால் மலைப்பாக இருக்கும். ஓர் ஈய அணு கொடுப்பதும் இரண்டு எலக்ட்ரான், ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறு கொடுப்பதும் இரண்டு எலக்ட்ரான். ஆனால் 207 கிராம் ஈயம் செய்யும் வேலைக்கு 2 கிராம் ஹைட்ரஜன் போதும். அறைக்கு 193 கிராம் ஈயம் கரைந்த இடத்தில் 1.9 கிராம் ஹைட்ரஜன்தான் செலவாகும். உடனே நூறு மடங்கு லாபம் என்று சொல்லிவிட முடியாது. ஈய அறை ஒன்று 2 வோல்ட் தருகிறது. எரிபொருள் மின்கலம் கோட்பாட்டின்படி 1.23 வோல்ட் தரலாம். ஆக்சிஜன் பக்கத்து வினை மந்தமானது என்பதால் ஓடும்போது 0.65 வோல்ட் அளவுக்குத்தான் நிற்கிறது. 12 வோல்ட் வேண்டுமென்றால் ஆறுக்குப் பதில் 19 மின்கலங்களை அடுக்க வேண்டும். அப்படியும் மொத்தச் செலவு 36 கிராம் ஹைட்ரஜன். ஈய பேட்டரியில் அதே வேலைக்கு ஈயம், ஆக்சைடு, அமிலம் எல்லாம் சேர்த்து மூன்றரைக் கிலோவுக்கு மேல். ஹைட்ரஜனைப் பெரும்பாலும் 350 பார் அழுத்தத்தில் அடைத்துச் சுமக்கும் சிலிண்டரின் எடை இந்த லாபத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடும் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இங்கே பிறக்கும் நீர் 320 கிராம், முழுவதும் பிளஸ் பக்கத்தில். ஈய பேட்டரியில் நீர் அமிலத்தை நீர்க்கவைத்ததோடு சரி. இங்கே அதை வெளியேற்றியாக வேண்டும். தேங்கினால் நுண்துளைகள் அடைபட்டு ஆக்சிஜன் உள்ளே வராது, அந்த மின்கலத்தின் வோல்ட் சட்டென்று விழும். நீரை ஒரேயடியாக ஓட்டிவிட்டாலும் ஆகாது: படலம் ஈரமாக இருந்தால்தான் H⁺ கடக்கும். மைனஸ் பக்கத்தின் எதிரி கார்பன் மோனாக்சைடு. ஹைட்ரஜனில் பத்து லட்சத்தில் பத்துப் பங்கு கலந்திருந்தாலே பிளாட்டினத்தின் மேல் ஒட்டிக்கொண்டு ஹைட்ரஜனுக்கு இடமில்லாமல் செய்துவிடும். இரண்டு கோளாறுகளிலும் வோல்ட்தான் குறைகிறது. காற்றை வேகமாக ஊதி நீரைத் தள்ளியதும் வோல்ட் ஏறினால் தேக்கம். ஏறாமல் எல்லா மின்கலங்களும் சேர்ந்தே மெல்ல இறங்கினால் ஹைட்ரஜனின் தூய்மையைச் சோதிக்க வேண்டும்.