வார்டில் சேரும்போது மாத்திரைப் பையும் கூட வரட்டும்

தினமும் பல மாத்திரைகள் சாப்பிடுபவர் வார்டில் சேர்ந்ததும், மருந்தாளர் ஒரு பாரத்தை நிரப்புவார். மருந்தின் பெயர், அளவு, எத்தனை வேளை, கடைசியாகச் சாப்பிட்ட நேரம் ஆகியவை அதில் பதிவாகும். அதைப் பார்த்தே எதைத் தொடர்வது, எதை நிறுத்துவது என்று மருத்துவர் முடிவு செய்வார்.

தலைசுற்றி விழுந்து சேர்க்கப்பட்ட ஒரு மூதாட்டியை எடுத்துக்கொள்வோம். அவர் பையில் அரசாங்க கிளினிக் கொடுத்த அம்லோடிபின் 10 மில்லிகிராமும், தனியார் கிளினிக் கொடுத்த நோர்வாஸ்க் 10 மில்லிகிராமும் இருக்கின்றன. பெயர்தான் வேறு, மருந்து ஒன்றே. ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம்தான் உச்ச அளவு. அவரோ இரண்டையும் சாப்பிட்டு வந்திருக்கிறார். "பிரஷர் மாத்திரை" என்று வாயால் மட்டும் சொல்லியிருந்தால் இது தெரிந்திருக்காது.

எனவே மாத்திரைகளை அட்டையோடும், இன்சுலின், நாட்டு மருந்து இருந்தால் அவற்றையும் கொண்டு செல்லுங்கள். வீடு திரும்பும்போது, நிறுத்தப்பட்ட மருந்து எது என்று கேட்டு அதைத் தனியே எடுத்து வையுங்கள்.